கைக்குழந்தைக்கு எலும்பு முறிவு: முதல் இரவு முதல் பதினைந்தாம் நாள் வரை டூட்டி டாக்டர் செய்ய வேண்டியவை

நான் குழந்தைகள் பிரிவில் பி.ஜி. முதலாண்டு இருந்தபோது, இரவு பதினொன்றரை மணிக்கு நான்கு மாதக் குழந்தை ஒன்று வந்தது. இடது தொடை வீங்கியிருந்தது. டயப்பர் மாற்றக் காலைத் தொட்டாலே வீறிட்டது. "தூளியில இருந்து விழுந்துட்டான் டாக்டர்" என்றார் அம்மா. தொடைக்கு மட்டும் ஒரு எக்ஸ்ரே எடுத்தேன். எலும்பு நடுவில் சுருளாக முறிந்திருந்தது. ஆர்த்தோவைக் கூப்பிட்டுக் கட்டுப் போடச் சொல்லிவிட்டு அடுத்த கேஸுக்குப் போய்விட்டேன். காலையில் ரவுண்ட்ஸில் சீனியர் கேட்ட முதல் கேள்வி: "நாலு மாசக் குழந்தை தானா உருண்டு விழுமா? தூளி எவ்வளவு உயரம்? யார் பார்த்தாங்க?" மூன்றுக்கும் என் கேஸ் ஷீட்டில் பதில் இல்லை.

அதற்குப் பிறகு என்னென்ன செய்ய வேண்டியிருந்தது, எதில் எல்லாம் சொதப்பினேன் என்பதை வைத்து இதை எழுதுகிறேன். ஹவுஸ் சர்ஜன், புது டூட்டி டாக்டர், ரேடியாலஜியில் இப்போதுதான் சேர்ந்த பி.ஜி. இவர்களுக்காக. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனை நடைமுறையை மனத்தில் வைத்து எழுதியது. குழந்தையை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

1. எக்ஸ்ரேவுக்கு அனுப்பும் முன் முதல் கதையை எழுதுங்கள்

முதலில் சொல்லப்படும் கதைதான் பின்னால் போலீசும் கோர்ட்டும் தேடுவது. அதைச் சொன்னவரின் வாய்மொழியிலேயே, மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். யார் சொன்னார், அவர் குழந்தைக்கு என்ன உறவு, மணி என்ன என்பதும் பக்கத்திலேயே இருக்கட்டும். "தவறி விழுந்ததாகத் தெரிகிறது" என்று நம் மொழியில் சுருக்கி எழுதினால் அது யாருடைய கூற்று என்றே பிறகு சொல்ல முடியாது.

கேட்க வேண்டியவை இவை. எப்போது விழுந்தது, எவ்வளவு உயரம், கீழே தரையா பாயா, யார் நேரில் பார்த்தார்கள், உடனே அழுததா, கடைசியாக எப்போது இரண்டு காலையும் சாதாரணமாக ஆட்டியது. இந்தக் கடைசிக் கேள்விதான் பெரும்பாலும் உண்மையான நேரத்தைக் காட்டும். அம்மா, அப்பா, பாட்டி மூவரையும் தனித்தனியாகக் கேளுங்கள். என் கேஸில் அம்மா தூளி என்றார். இரண்டு மணி நேரம் கழித்து வந்த அப்பா, குளிப்பாட்டும்போது கால் முறுக்கிக்கொண்டது என்றார். மறுநாள் பாட்டி, மூத்த பையன் குழந்தைமேல் விழுந்துவிட்டான் என்றார். மூன்றும் தனித்தனியாக நடக்கக்கூடியவைதான். ஒரே முறிவுக்கு மூன்று கதை வருவதுதான் சிக்கல்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. தாமதமாக வந்தால் சந்தேகம் என்று பாடப்புத்தகம் சொல்லும். நம் ஊரில் இரண்டு நாள் தாமதத்துக்குக் காரணம் வெறும் புத்தூர்க் கட்டாகவும் இருக்கலாம். அதனால் "தாமதம்" என்று மட்டும் எழுதாதீர்கள். இடையில் எங்கே போனார்கள், யார் கட்டுப் போட்டார்கள், அந்தக் கட்டு இப்போதும் இருக்கிறதா என்று கேட்டு எழுதுங்கள்.

2. துணியை முழுதாகக் கழற்றிப் பாருங்கள்

வீங்கிய காலை மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். காதுமடல், காதின் பின்புறம், கழுத்து, மேலுதட்டின் உட்பக்கம் உள்ள சிறு தசைநார், முதுகு, பிட்டம் எல்லாவற்றையும் பாருங்கள். எழுந்து நிற்கக்கூடத் தெரியாத குழந்தைக்குக் கன்றிய காயம் எங்கே இருந்தாலும் அது கேள்விக்குரியதுதான். மாநிறக் குழந்தைக்குக் கன்றல் எளிதில் தெரியாது. ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். எடையையும் தலைச்சுற்றளவையும் குறித்துக்கொள்ளுங்கள்.

முதுகிலும் பிட்டத்திலும் பிறவியிலேயே உள்ள நீலத் தழும்பைக் கன்றலாக எழுதிவிடாதீர்கள். கன்றல் சில நாளில் நிறம் மாறும், பிறவித் தழும்பு மாறாது. சந்தேகமிருந்தால் "நீல நிறப் பகுதி, இத்தனை சென்டிமீட்டர், மறுபடி பார்க்க வேண்டும்" என்று எழுதினால் போதும்.

3. எந்த முறிவு எவ்வளவு சந்தேகம் தரும்

எலும்பின் பெயரைவிடக் குழந்தை என்ன செய்யத் தெரிந்தது என்பதுதான் முதல் அளவுகோல். நடக்கும் குழந்தை ஓடி, கால் மடங்கி விழுந்து கணுக்காலுக்கு மேல் கீழ்க்கால் எலும்பில் மெல்லிய சுருள் முறிவோடு வருவது அன்றாடம் நடப்பது. முழங்கைக்கு மேல் முறிந்து வருவதும் பெரும்பாலும் விளையாட்டில் விழுந்ததாகத்தான் இருக்கும். அதே சுருள் முறிவு நான்கு மாதக் குழந்தைக்கு இருந்தால் கதை வேறு. "சுருள் முறிவு என்றால் அடித்திருக்கிறார்கள்" என்று சிலர் சொல்வது தவறு. சுருள் என்பது முறுக்கு விசை பட்டது என்று மட்டுமே காட்டும். யார் முறுக்கியது, எப்படி என்று காட்டாது.

தொடை எலும்பு, காறை எலும்பு, மண்டையோட்டில் நேர்க்கோடாக ஒரு பிளவு ஆகியவை விபத்திலும் வரும், அடியிலும் வரும். இவை தனியாக இருந்தால் வயதையும் கதையையும் சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் இரண்டு வகை முறிவுகள் விபத்தில் வருவது மிக அரிது. அவற்றை மட்டுமாவது கண்ணுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள்.

ஒன்று, விலா எலும்பின் பின்பகுதி, முதுகெலும்பை ஒட்டி முறிவது. பெரியவர் ஒருவர் குழந்தையின் மார்பை இரு கையாலும் சுற்றிப் பிடித்து அழுத்தும்போது, விலா முதுகெலும்பின் பக்கவாட்டு நீட்டத்தின்மேல் நெம்புகோல்போல வளைந்து அந்த இடத்தில் முறிகிறது. குழந்தை தரையில் விழுந்தால் முதுகுப்பக்கம் தரையால் தாங்கப்பட்டுவிடும். அந்த வளைவு வராது. "சி.பி.ஆர். செய்தபோது முறிந்திருக்கும்" என்று சொல்வார்கள். கைக்குழந்தைக்கு சி.பி.ஆரில் விலா முறிவதே அரிது, முறிந்தாலும் பெரும்பாலும் முன்பக்கமோ பக்கவாட்டிலோதான். புதிய விலா முறிவு விலகியிருக்காது என்பதால் படத்தில் அநேகமாகத் தெரியாது. இரண்டு வாரத்தில் காலஸ் உருவானதும் அங்கே ஒரு சிறு உருண்டைபோலத் தெரியும். ஏழாவது படியில் இதற்குத் திரும்பி வருகிறேன்.

இரண்டாவது, நீள எலும்பின் நுனியில், வளர்ச்சித் தட்டை ஒட்டிய இடத்தில் வரும் மெட்டாஃபிசியல் முறிவு. கை காலைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தாலோ முறுக்கினாலோ, உடம்பைப் பிடித்து உலுக்கும்போது கை கால்கள் வீசியடித்தாலோ, இன்னும் முதிராத அந்த எலும்பு ஒரு மெல்லிய தட்டாகக் கழன்றுவிடும். ஒரு கோணத்தில் பார்த்தால் மூலையில் சிறு சில்லு உடைந்ததுபோல இருக்கும். படத்தைச் சற்றுச் சாய்த்து எடுத்தால் அதே முறிவு வாளியின் கைப்பிடிபோல வளைந்து தெரியும். முழங்காலைச் சுற்றியும் கணுக்காலிலும் அதிகம் பார்க்கலாம். வீக்கமோ கன்றலோ இல்லாமலே இருக்கும்; ஆகவே வெளியே ஒன்றும் தெரியாது என்பதால் எக்ஸ்ரேவைத் தவிர்க்க முடியாது.

இவை தவிர தோள்பலகை, மார்பெலும்பு, முதுகெலும்பின் முள் நீட்டம் ஆகியவற்றில் முறிவும், வெவ்வேறு வயதுடைய முறிவுகள் ஒன்றாக இருப்பதும் வலுவான சந்தேகம் தரும்.

4. முழு எலும்பு எக்ஸ்ரே: ஒரே படத்தில் அடக்காதீர்கள்

இரண்டு வயதுக்குள் சந்தேகம் வந்தால் முழு எலும்பு எக்ஸ்ரே கட்டாயம். அதற்கு மேற்பட்ட வயதில் வலி, வீக்கம் உள்ள இடத்தை வைத்து முடிவு செய்யலாம். என் கேஸில் முதலில் நடந்தது என்னவென்றால், ரிக்வெஸ்டில் "முழு உடம்பு" என்று நான் எழுத, தலை முதல் கால் வரை ஒரே பிலிமில் குழந்தை வந்தது. அதில் ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் முறைப்படி எடுத்தபோது இடப்பக்கம் ஆறாவது, ஏழாவது விலாக்களின் பின்பகுதியில் காலஸும், வலது கணுக்காலில் மூலைச் சில்லும் இருந்தன. முதல் நாள் படத்தில் நெஞ்சின் நடுவில் மட்டும் கதிர் நேராக விழுந்திருக்கிறது. நுனிகளில் சாய்ந்து விழுந்து எல்லாம் மங்கிப்போயிருக்கிறது.

ரிக்வெஸ்டில் இப்படிப் பிரித்து எழுதுங்கள்: மண்டையோடு முன்னும் பக்கவாட்டிலும், நெஞ்சு முன், பக்கவாடு, அதோடு இரண்டு பக்கமும் சாய்வாக விலா எலும்புகள், முதுகெலும்பு பக்கவாட்டில், கழுத்தும் சேர்த்து, வயிறும் இடுப்பும், அப்புறம் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனியாக மேற்கை, முன்கை, கைவிரல்கள், தொடை, முழங்கால் முதல் கணுக்கால் வரை, பாதம். மொத்தம் இருபது படங்களை ஒட்டி வரும். சாய்வான விலாப் படங்கள்தான் முதலில் விட்டுப்போகும். "ஏற்கெனவே நெஞ்சு எடுத்தாச்சே" என்பார்கள், விட்டுவிடாதீர்கள்.

முன்கூட்டியே ரேடியோகிராபரோடு பேசி, கூட்டம் குறைந்த நேரத்தை வாங்குங்கள். எங்களுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆனது. அதற்கு அரை மணி முன் பாராசிட்டமால் கொடுத்து, பால் குடிக்க வைத்து, சூடாகச் சுற்றிக் கொண்டுபோங்கள். ஏசி அறையில் குளிரில் நடுங்கும் குழந்தையின் படம் அசைந்துதான் வரும். பிடித்துக்கொள்வது நர்சோ நீங்களோ ஆக இருக்கட்டும், ஈய ஏப்ரனோடு, குடும்பத்தினரிடம் விடாதீர்கள். இடது வலது குறி எக்ஸ்ரே எடுக்கும்போதே படத்தில் பதிய வேண்டும். பிறகு கையால் எழுதிய எல், ஆர் கோர்ட்டில் கேள்விக்கு உள்ளாகும். ஐ.பி. எண்ணும் தேதியும் நேரமும் ஒவ்வொரு படத்திலும் இருக்க வேண்டும்.

கதிர்வீச்சைப் பற்றிக் குடும்பம் கேட்கும். இன்றைய டிஜிட்டல் கருவியில் மொத்தமும் சேர்த்து 0.2 மில்லிசீவர்ட் அளவுதான்; சுமார் ஒரு மாதத்தில் இயற்கையிலிருந்தே நாம் வாங்கும் அளவு. ஒரு வயதுக்குள் இருந்தால், குழந்தை விழிப்போடு இருந்தாலும் தலை சி.டி.யும் எடுங்கள். உள்ளே ரத்தக்கசிவு இருந்தால் கண் மருத்துவரைக் கூப்பிட்டு விழித்திரை பார்க்க வேண்டும். கல்லீரல் நொதிகள் 80-ஐத் தாண்டினால் வயிற்றுக்குள்ளும் காயம் இருக்கலாம்.

வீட்டில் இரண்டு வயதுக்குட்பட்ட இன்னொரு குழந்தை, குறிப்பாக இரட்டையில் மற்றது, இருந்தால் அதற்கும் இதே பரிசோதனை. இதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

5. எலும்பு நோயை விலக்குங்கள், விலக்கியதை எழுதுங்கள்

குடும்பத்தின் மேல் சந்தேகம் சொல்லுமுன் நாமே எதிர்க்கட்சி வக்கீலாக நின்று பார்க்க வேண்டும். கால்சியம், பாஸ்பேட், ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ், வைட்டமின் டி, பி.டி.எச்., ரத்த அணுக்கள், ரத்தம் உறையும் நேரம் ஆகியவை போதும். வைட்டமின் டி, பி.டி.எச். இரண்டும் பல இடங்களில் வெளி லேபுக்குத்தான் போகும். சேர்ந்து ஆயிரம் ரூபாயைத் தாண்டும். குடும்பத்திடம் காசு கேட்காமல் மருத்துவமனை வழியாக அனுப்ப வழி இருக்கிறதா என்று ஆர்.எம்.ஓ.விடம் முதல் நாளே கேளுங்கள்.

பெரிய பொறி வைட்டமின் டி. எங்கள் குழந்தைக்கு 14 நானோகிராம் வந்தது. "குறைவுதானே, அதனால்தான் முறிந்தது" என்று விவகாரத்தை முடிக்கப் பார்த்தவர்கள் உண்டு. நம் ஊரில் குறைவாக இல்லாத குழந்தையைத் தேட வேண்டும். அளவு குறைவது வேறு, ரிக்கெட்ஸ் வேறு. மணிக்கட்டுப் படத்தில் எலும்பு நுனி கிண்ணம்போலக் குழிந்து, ஓரம் நைந்த துணிபோல இருக்கிறதா, ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் அந்த எண் விலா முறிவை விளக்காது. இன்னொரு குழந்தைக்கு இரண்டுமே இருந்தன. அங்கே சந்தேகத்தைத் திரும்பப் பெற்றோம், அதையும் காரணத்தோடு எழுதினோம்.

எலும்பு நொறுங்கும் பிறவி நோய்க்கு நீல விழிவெண்படலம், மண்டையோட்டுப் படத்தில் தையல் ஓரத்தில் சிதறிய சிறு எலும்புகள், குடும்பத்தில் அடிக்கடி முறிந்தவர்கள் இருக்கிறார்களா என்று பாருங்கள். குறைப்பிரசவமாகப் பிறந்து வெகுநாள் இன்குபேட்டரில் இருந்ததா? அம்மாவின் கர்ப்பகால அட்டையில் வி.டி.ஆர்.எல். என்ன? பிறவி சிபிலிஸ் எலும்பு நுனியைக் கடித்ததுபோலக் காட்டும். ஒன்று முதல் ஐந்து மாதம் வரை நீள எலும்புகளின் ஓரத்தில் இரண்டு பக்கமும் சமமாக, இரண்டு மில்லிமீட்டருக்குள் மெல்லிய கோடு வருவது இயல்பு; அதை ஆறும் முறிவு என்று எழுதிவிடாதீர்கள்.

முறிவின் வயதை நாள் கணக்கில் யாராலும் சொல்ல முடியாது. எலும்புறையில் புதிய எலும்பு தெரிய ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும்; அதன் பிறகு காலஸ். ஆகவே எங்கள் கேஸில் தொடை புதியது, விலா குறைந்தது ஒரு வாரத்துக்கு முந்தையது என்று சொல்ல முடிந்தது. ஒரே விழுதலில் இரண்டும் வந்திருக்காது என்பதுதான் முக்கியம். மண்டையோட்டு முறிவில் காலஸ் வராது. அதன் வயதைச் சொல்லவே முயலாதீர்கள். "பிரசவத்தில் முறிந்தது" என்றால் பிரசவ விவரத்தை வாங்குங்கள். பிறந்து இரண்டு வாரம் தாண்டியும் காலஸே இல்லாத காறை எலும்பு முறிவு பிரசவத்தில் வந்ததல்ல.

6. ஏ.ஆர்., போலீஸ், குழந்தைகள் நலக் குழு

அன்றிரவு நான் செய்த பெரிய தவறு இதில்தான். "ஆர்த்தோ கேஸ்தானே, காலையில் பார்த்துக்கலாம்" என்று ஏ.ஆர். போடவில்லை. எலும்பு முறிவு பாரதிய நியாய சம்ஹிதா 116-ஆம் பிரிவின்படி கொடுங்காயம். காரணம் சந்தேகத்துக்குரியது என்றால் கேஷுவாலிட்டியிலேயே ஆக்சிடென்ட் ரெஜிஸ்டரில் பதிந்து, புறக்காவல் நிலையத்துக்குத் தகவல் அனுப்பி, பெற்றுக்கொண்டவரின் பெயரும் நேரமும் கையெழுத்தும் வாங்கி ஏ.ஆர். காப்பியில் ஒட்டிவையுங்கள். யார் செய்தது என்று நிரூபிப்பது நம் வேலை இல்லை. சந்தேகம் எழுந்ததும் அதைப் பதிவதே நம் வேலை.

பாலியல் வன்முறை ஐயம் இருந்தால் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு தகவல் தெரிவிப்பதைக் கட்டாயமாக்குகிறது. தெரிவிக்காவிட்டால் 21-ஆம் பிரிவில் நமக்கே தண்டனை உண்டு. உடல் வன்முறை மட்டும் என்றால் இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 31-ஆம் பிரிவு கைகொடுக்கும். பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தையைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுவரத் தகுந்தவர்களில் டாக்டர், நர்ஸ், மருத்துவமனை நிர்வாகம் ஆகியோரும் அடக்கம். 24 மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும். குழந்தை இரண்டு வயதுக்குள், கொண்டுபோகும் நிலையில் இல்லை என்றால், மத்திய அரசின் 2016 மாதிரி விதிகளின்படி அதே 24 மணி நேரத்துக்குள் எழுத்து அறிக்கையும் புகைப்படமும் அனுப்பலாம். யாரைத் தொடர்புகொள்வது என்று தெரியாவிட்டால் 1098-ஐ அழையுங்கள். மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகோடு இணைத்துவிடுவார்கள்.

கேஸ் ஷீட்டில் "குழந்தை வன்கொடுமை" என்று ஒற்றை வரியில் எழுதாதீர்கள். நான் எழுதினேன். எதை வைத்துச் சொன்னீர்கள் என்று கேட்டபோது பதில் இல்லை. இந்தப் பொருளில் எழுதுங்கள்: "இன்னின்ன முறிவுகள் உள்ளன. சொல்லப்பட்ட நிகழ்வு இவற்றை விளக்கப் போதுமானதாக இல்லை. எலும்பு நோய்க்கான அறிகுறி இதுவரை இல்லை. பிறரால் ஏற்பட்ட காயமாக இருக்கலாம் என்று ஐயம்." ஒவ்வொரு காயத்துக்கும் இடம், அளவு, நிறம், உடல் வரைபடத்தில் குறி. புகைப்படத்தில் அளவுகோலும் ஐ.பி. எண்ணும் தெரியட்டும்; மருத்துவமனைக் கேமராவில் எடுத்துப் பதிவறையில் கொடுங்கள். கருத்துக் கேட்பதற்காக வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள். அடையாளம் வெளியாவது இளைஞர் நீதிச் சட்டம் 74-ஆம் பிரிவில் குற்றம்.

குடும்பத்திடம் எப்படிச் சொல்வது என்று திணறுவீர்கள். என் சீனியர் சொன்னதையே நான் இன்றும் சொல்கிறேன்: "அம்மா, இந்த வயசுல எலும்பு சும்மா முறியாது. ஏன்னு தெரியற வரைக்கும் முழுசா பார்க்கணும். எந்தக் குழந்தை வந்தாலும் இதைத்தான் செய்வோம்." குற்றம் சாட்டாதீர்கள், பொய்யும் சொல்லாதீர்கள். அன்றிரவே நர்ஸ் டேபிளில் "டிஸ்சார்ஜ் கேட்டால் டூட்டி டாக்டரைக் கூப்பிடவும்" என்று எழுதி வையுங்கள். சொந்தப் பொறுப்பில் கூட்டிப்போகிறோம் என்று கேட்பது இப்படிப்பட்ட கேஸ்களில் விடியற்காலையில்தான்.

7. பதினைந்தாம் நாள் மறு எக்ஸ்ரே

முதல் படம் எடுத்த இரண்டு வாரத்தில் மறுபடி எடுக்க வேண்டும். நான்கு வாரத்தைத் தாண்டவிடக்கூடாது. மண்டையோட்டையும் இடுப்பையும் இந்த முறை விட்டுவிடலாம். முதல் முறை ஒன்றும் இல்லை என்று வந்த குழந்தைக்கும், சந்தேகம் தொடர்ந்தால் இது தேவை. எங்கள் குழந்தைக்கு வலப்பக்கம் ஐந்தாவது விலாவில் முன்பு இல்லாத காலஸ் இப்போது தெரிந்தது. கணுக்கால் சில்லு மங்கியிருந்தது. அதாவது முதல் நாளே முறிந்திருந்த விலா, அன்று எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை.

நடைமுறையில் இந்தத் தேதிதான் தவறிப்போகும், ஏனெனில் அதற்குள் குழந்தை டிஸ்சார்ஜ் ஆகியிருக்கும். தேதியை டிஸ்சார்ஜ் சம்மரியில் மட்டும் எழுதாமல் நலக் குழுவுக்கு அனுப்பும் அறிக்கையிலும் எழுதுங்கள். எங்கள் குழந்தையை நலக் குழு அம்மாவழிப் பாட்டியிடம் ஒப்படைத்திருந்தது. ஆணையிலேயே தேதி இருந்ததால் கூட்டி வந்தார்கள்.

8. சம்மன் வரும்போது

வுண்ட் சர்டிஃபிகேட்டில் கொடுங்காயம் என்று குறித்து, ரேடியாலஜி அறிக்கை எண்ணையும் சேருங்கள். எல்லாக் காகிதத்திலும் உங்கள் பெயரும் பதிவு எண்ணும் படிக்கும்படி இருக்கட்டும். எனக்கு இரண்டு ஆண்டு கழித்துத்தான் சம்மன் வந்தது. அதற்குள் வேறு ஊருக்கு மாறியிருந்தேன். குழந்தையின் முகம்கூட நினைவில்லை. முதல் இரவு நான் எழுதிய பக்கத்தைக் காட்டி, "தூளின்னு சொன்னது அம்மாவா, பாட்டியா?" என்று வக்கீல் கேட்டார். அந்த வரியில் இருந்தது ஒரே சொல்: "அட்டெண்டர்".